உலர் ஆப்ரிகாட்டும் திராட்சையும் ஆஸ்துமாவும்: கழுவினால் சல்ஃபைட் போகுமா?

"என் அம்மாவுக்கு வயது 58, எடை 55 கிலோ. பல ஆண்டுகளாக ஆஸ்துமா இருக்கிறது. சென்ற மாதம் ஆரஞ்சு நிற உலர் ஆப்ரிகாட் நான்கு சாப்பிட்டார்; பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகி இழுப்பு வந்துவிட்டது. மஞ்சள் திராட்சை ஊறிய தண்ணீரைக் குடித்த ஒருநாள் காலையிலும் இதே போல் ஆயிற்று. கருப்புத் திராட்சை சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. சல்ஃபைட் என்கிறார்கள். வெந்நீரில் நன்றாகக் கழுவிக் கொடுத்தால் போதுமா? பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

போதாது. உங்கள் அம்மாவுக்கு சல்ஃபைட் ஒவ்வாமல் போகிறது என்றால், அது சேர்ந்த பழத்தை எத்தனை முறை கழுவினாலும், ஊற வைத்தாலும், வேக வைத்தாலும் அவருக்குக் கொடுக்கத் தகுந்ததாக ஆகாது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இந்தப் பொருளைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஏன் என்பதை விளக்கினால், லேபிளை எப்படிப் படிப்பது என்பதும் அதிலேயே தெளிந்துவிடும்.

முதலில், அந்த ஆரஞ்சு நிறம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உலக அளவில் விற்பனையாகும் உலர் ஆப்ரிகாட்டில் மிகப் பெரிய பங்கு துருக்கியின் மலாத்யா வட்டாரத்திலிருந்து வருகிறது. அங்கே பறித்த பழத்தை மூடிய அறைகளில் தட்டுகளில் பரப்பி, கந்தகத்தை எரித்து, அந்தப் புகையில் பல மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகுதான் வெயிலில் காய வைக்கிறார்கள். கந்தகம் எரியும்போது உண்டாகும் கந்தக டை ஆக்சைடு (SO₂) பழத்தின் ஈரத்தில் கரைந்து சல்ஃபைட்டாகத் தங்கிவிடுகிறது. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதற்குக் காரணமான அதே வகை நொதியை அது செயலிழக்கச் செய்கிறது. பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் அடக்குகிறது. மாதக்கணக்கில் வைத்தாலும் பழம் கறுக்காமல், மென்மை குறையாமல் இருக்கச் செய்கிறது. புகை காட்டாமல் வெயிலில் மட்டும் காய்ந்த ஆப்ரிகாட்டும் உண்டு. அது கரும்பழுப்பாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருக்கும். வாயிலிட்டால் வெல்லப்பாகின் சுவை தெரியும். இரண்டும் ஒரே பழம்தான்.

திராட்சையின் கதை கொஞ்சம் வேறு. மகாராஷ்டிரத்தின் சாங்கிலி, நாசிக் பகுதிகளிலும் கர்நாடகத்தின் விஜயபுரா பகுதியிலும் கொத்துகளைப் பொட்டாசியம் கார்பனேட்டும் ஒருவகை எண்ணெயும் கலந்த கரைசலில் முக்கி எடுத்து, நிழல் பந்தலின் கீழ் அடுக்கு வலைகளில் காய வைப்பார்கள். அந்தக் கரைசல் தோலின் மேலுள்ள மெழுகை இளக்கி, நீர் விரைவாக வெளியேற வழி செய்கிறது. அதில் சல்ஃபைட் இல்லை. ஆனால் மஞ்சள் நிறம் பளிச்சென்று நிற்க வேண்டும் என்பதற்காகக் காய்ந்த பிறகோ காயும் தறுவாயிலோ கந்தகப் புகை காட்டும் வழக்கம் இருக்கிறது. கலிபோர்னியாவின் பொன்னிறத் திராட்சையும் கந்தகப் புகை பட்டுத்தான் உலர்த்தப்படுகிறது. அதே வகைப் பழத்தை வெறும் வெயிலில் காய வைத்தால் கரும்பழுப்புத் திராட்சையாகிவிடும். உங்கள் அம்மாவுக்குக் கருப்புத் திராட்சை ஒத்துக்கொண்டதும் மஞ்சள் திராட்சை ஒத்துக்கொள்ளாததும் இதனோடு பொருந்திப் போகின்றன.

இனி, இழுப்பு ஏன் வருகிறது என்பது. பெரும்பாலோருக்கு இது தும்மல், தடிப்பு போன்ற வழக்கமான ஒவ்வாமை வழியில் நடப்பதில்லை. சல்ஃபைட் அமிலத்தில் பட்டால் அதன் ஒரு பகுதி மறுபடியும் கந்தக டை ஆக்சைடு வாயுவாகப் பிரிகிறது. ஆப்ரிகாட் இயல்பிலேயே புளிப்புள்ள பழம். உலர்ந்தது தோல் போல இருப்பதால் நெடுநேரம் மெல்ல வேண்டியிருக்கிறது. வாயின் சூட்டிலும் உமிழ்நீரிலும் அது ஊறும்போது வாயு சிறிது சிறிதாக வெளிவருகிறது. இரைப்பையில் அமிலம் இன்னும் கடுமையானது. அங்கே பிரியும் வாயு ஏப்பமாக மேலே வருகிறது. மென்றுகொண்டே மூச்சு விடும்போது இந்த வாயு மூச்சுக்குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. நலமான நுரையீரல் இவ்வளவு சிறிய அளவைப் பொருட்படுத்தாது. ஆஸ்துமாவால் ஏற்கெனவே சிவந்து உணர்ச்சி மிகுந்திருக்கும் மூச்சுக்குழாயில் நரம்பு முனைகள் தூண்டப்பட்டு, தசைகள் சட்டென இறுகிவிடுகின்றன. சாப்பிட்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள், எல்லாம் நடந்துவிடுவது இதனால்தான். கல்லீரலில் சல்ஃபைட்டைத் தீங்கற்ற சல்ஃபேட்டாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அது சிலருக்குக் குறைவாக இருப்பதும் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மிகச் சிலருக்கு மட்டும் உண்மையான ஒவ்வாமையாகவே வந்து, உடலெங்கும் தடிப்பு, தொண்டை வீக்கம், மயக்கம் வரை போகிறது.

ஊற வைத்த தண்ணீர் ஏன் இன்னும் மோசம் என்பதும் இங்கே விளங்கும். திராட்சையை இரவில் ஊறப் போட்டுக் காலையில் அந்தத் தண்ணீரோடு குடிப்பது இரும்புச்சத்துக்கு நல்லது என்று நம் வீடுகளில் பரவியிருக்கும் பழக்கம். சல்ஃபைட் நீரில் எளிதாகக் கரையும் பொருள். இரவு முழுவதும் ஊறிய பிறகு பழத்திலிருந்து பிரிந்து வந்த பகுதி அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது; பழத்தின் புளிப்பும் அதிலேயே இறங்கியிருக்கிறது. புளிப்பான திரவமாக விழுங்கும் சல்ஃபைட், மாத்திரை உறைக்குள் அடைத்து விழுங்கும் அதே அளவு சல்ஃபைட்டைவிட எளிதாக இழுப்பைத் தூண்டுகிறது என்பது மருத்துவச் சோதனைகளில் தெரிந்த உண்மை. குடிக்கும்போதே வாயு தொண்டையில் படுகிறது அல்லவா. ஆகவே உங்கள் அம்மாவுக்கு அந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பழம் எந்த நிறமாக இருந்தாலும், அதில் சல்ஃபைட் இல்லை என்பது உறுதியாகும் வரை ஊறிய தண்ணீரைக் கொடுக்க வேண்டாம்.

ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. நூறு ஆஸ்துமா நோயாளிகளில் மூன்று முதல் பத்து பேருக்கு இந்த உணர்திறன் இருக்கலாம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களிடமும், ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து எடுக்க வேண்டிய அளவுக்குக் கடுமையானவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இப்போது கழுவும் கேள்விக்கு வருகிறேன். ஓர் உலர் பழத்தில் எவ்வளவு சல்ஃபைட் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் கூடத்தில் செய்ததைச் சொன்னால் விடை தானாக விளங்கும். மோனியர் வில்லியம்ஸ் முறை என்று அதற்குப் பெயர். 50 கிராம் பழத்தை நீரோடு அரைத்து, கண்ணாடிக் குடுவையில் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்க விடுவோம். கொதிக்கும் கலவைக்குள் நைட்ரஜன் வாயுவைக் குமிழ் குமிழாகச் செலுத்திக்கொண்டே இருப்போம். அது பழத்திலிருந்து பிரியும் கந்தக டை ஆக்சைடை அடித்துக்கொண்டு போய், மறுமுனையில் உள்ள நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் சேர்க்கும். அங்கே அது கந்தக அமிலமாகிவிடும். மஞ்சளாக இருந்த கரைசல் மெல்லச் செம்மை ஏறும். பிறகு அளவுக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைசல் மறுபடி மஞ்சளாகும் இடத்தைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். ஆரஞ்சு ஆப்ரிகாட் குடுவையில் இருந்தால் கொதிக்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே நிறம் மாறத் தொடங்கும். ஆனாலும் அப்போதே நிறுத்திவிட முடியாது. ஒன்றே முக்கால் மணி நேரம் அமிலத்தில் கொதிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் நிறுத்தினால் பழத்திற்குள் மிச்சம் நின்றுவிடும்.

அமிலத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் கொதித்து வெளியேற வேண்டியது, குழாயடியில் இரண்டு நிமிடம் கழுவினால் போய்விடுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சல்ஃபைட் பழத்தின் மேல் தூசி போலப் படிந்திருக்கவில்லை. புகையில் கிடந்தபோதே அது சதைக்குள் ஊடுருவிவிட்டது. அங்கே ஒரு பகுதி கட்டின்றித் தனியாக இருக்கிறது. இன்னொரு பகுதி குளுகோஸ் போன்ற சர்க்கரைகளோடு பிணைந்து கிடக்கிறது. வெந்நீரில் ஊற வைத்தால் கட்டின்றி இருக்கும் பகுதியில் ஓரளவு நீரில் இறங்கும். அது இறங்க இறங்கப் பிணைந்திருப்பதில் கொஞ்சம் அவிழ்ந்து, விட்ட இடத்தை நிரப்பும். இரண்டாம் முறை ஊற வைத்தாலும் இதே கதைதான். அளவு குறையும் என்பது உண்மை. எவ்வளவு குறைந்தது, மீதி எவ்வளவு என்பதை உங்கள் சமையலறையில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு போயிருக்கலாம், பாதி போயிருக்கலாம். பழம் எவ்வளவு பெரியது, எவ்வளவு கெட்டி, தண்ணீர் எவ்வளவு என்று பலவற்றைப் பொறுத்தது அது. மூச்சு இறுகக்கூடிய ஒருவருக்கு இந்த ஊகத்தை நம்பிக் கொடுப்பது சரியல்ல.

வேறு சில வழிகளும் பலரால் சொல்லப்படுகின்றன. எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்துக் கழுவினால் அமிலம் கூடி வாயு மேலும் கிளம்பும். கழுவுகிறவரே ஆஸ்துமா உள்ளவராக இருந்தால் அவருக்கே ஆபத்து. சமையல் சோடா கலந்த நீர் வாயு கிளம்புவதைக் குறைக்கும், சல்ஃபைட்டை அழிக்காது; சோடாவின் சுவை பழத்தில் தங்குவதுதான் மிச்சம். உப்பு, மஞ்சள்தூள் ஆகியவற்றுக்கு இங்கே வேலையே இல்லை. வேக வைக்கும்போது ஆவியோடு வாயுவின் ஒரு பகுதி வெளியேறும். ஆகவே ஆப்ரிகாட் வேகும் பாத்திரத்தின் மேல் உங்கள் அம்மா குனிந்து நிற்கக் கூடாது, வெந்த பிறகு சாப்பிடவும் கூடாது.

கழுவுவதே வீண் என்று சொல்லவில்லை. வெயிலில் காய்ந்த பழத்தில் மண், தூசி, காம்புத் துணுக்கு எல்லாம் இருக்கும். சல்ஃபைட் சேராத பழத்தையும் ஓடும் நீரில் அலசி, கால் மணி நேரம் நீரில் விட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, துணியில் ஒற்றி எடுத்து அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் ஓரிரு நாளில் புளித்த வாடை வரும். வீட்டில் ஒவ்வாமை இல்லாதவர்கள் சல்ஃபைட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள விரும்பினால், வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து அந்த நீரைக் கொட்டிவிடுவது பயன் தரும். அது அவர்களுக்கான வழி, உங்கள் அம்மாவுக்கானது அல்ல.

அன்றைக்கு நடந்ததை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பன்னாட்டு உணவுத் தரத் தொகுப்பான கோடெக்ஸ், உலர் ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரையும், வெளுக்கப்பட்ட திராட்சையில் 1,500 மில்லிகிராம் வரையும் கந்தக டை ஆக்சைடு எஞ்சியிருக்க அனுமதிக்கிறது. நடுத்தர உலர் ஆப்ரிகாட் ஒன்று ஏறத்தாழ 8 கிராம் என்று கொண்டால், நான்கு பழம் 32 கிராம். அதிக அளவு வரம்பை எட்டிய பழமாக இருந்திருந்தால் அவற்றில் 64 மில்லிகிராம் இருந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த நிபுணர் குழு வகுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.7 மில்லிகிராம், 55 கிலோ எடைக்கு அது 38.5 மில்லிகிராம் ஆகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் இந்த அளவையே ஏற்க முடியாது என்று விலக்கிவிட்டது. தரவுகள் போதவில்லை, அதிகமாக உட்கொள்வோர் குறித்துக் கவலை இருக்கிறது என்பது அதன் முடிவு. ஆக, ஒரு கையளவு ஆப்ரிகாட்டே நாளளவைத் தாண்டிவிடக்கூடும். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த நாளளவு பொதுமக்களுக்கானது. இழுப்பு வரும் ஒருவருக்கு இதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருளல்ல. அவரவர் தாங்கும் அளவு வேறு, அன்றைக்கு நுரையீரல் இருக்கும் நிலையைப் பொறுத்து ஒருவருக்கே அது மாறவும் மாறும்.

திராட்சையில் கணக்கு சிறியது. பத்து மஞ்சள் திராட்சை 5 கிராம் அளவுக்கு வரும். அதிக அளவு வரம்பில் பார்த்தாலும் 7.5 மில்லிகிராம்தான். பாயசத்தில் வந்த இரண்டு மூன்று திராட்சையால் பலருக்கு ஒன்றும் ஆகாமல் போவதும், கிண்ணம் நிறைய ஊறப் போட்டுக் குடித்தால் ஆவதும் இதனால்தான்.

லேபிள் விஷயம். பாக்கெட்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாசகங்களை முதலில் விட்டுவிடுங்கள். "இயற்கையானது", "பிரீமியம்", "பண்ணையிலிருந்து நேராக" என்பவை சல்ஃபைட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலுக்குப் போங்கள். பழத்தின் பெயருக்குப் பின், பாதுகாப்புப் பொருள் என்பதற்கான பிரிசர்வேட்டிவ் என்ற சொல் இருக்கிறதா, அதையடுத்து ஐ.என்.எஸ். என்றோ இ என்றோ ஆங்கில எழுத்திட்டு 220 முதல் 228 வரை ஏதாவது ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 220 என்பது கந்தக டை ஆக்சைடு. உலர் பழங்களில் பெரும்பாலும் கண்ணில் படுவது இதுதான். 223 சோடியம் மெட்டாபைசல்ஃபைட், 224 பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். மற்ற எண்களும் இதே குடும்பத்தின் உப்புகளே. எண் இல்லாமல் பெயரை மட்டும் எழுதியிருந்தாலும், அதில் சல்ஃபைட், பைசல்ஃபைட், மெட்டாபைசல்ஃபைட், சல்ஃபர் டை ஆக்சைடு என்ற நான்கில் ஒன்று இருந்தால் வாங்க வேண்டாம். ஸ்குவாஷ் பாட்டில்களில் "இரண்டாம் வகைப் பாதுகாப்புப் பொருள்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள்; அந்த வகைக்குள் சல்ஃபைட் வருகிறது, ஆனால் சோர்பேட், பென்சோயேட் போன்ற வேறு பொருள்களும் வருகின்றன. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். 202 என்றால் அது பொட்டாசியம் சோர்பேட், சல்ஃபைட் அல்ல.

சல்ஃபேட் என்பதையும் சல்ஃபைட் என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம், பொருள் முற்றிலும் வேறு. அதேபோல சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு சல்ஃபைட்டும் ஒத்துக்கொள்ளாது என்பது இல்லை. முட்டை, பூண்டு ஆகியவற்றில் உள்ள கந்தகத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. சிலர் இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒதுக்கி, வீணாக உணவைச் சுருக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாக அறிவிக்கும் வரி இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் அங்கே அறிவித்தாக வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே 10-தான் எல்லை. இந்த எண் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 10-க்குக் கீழே இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று நிரூபித்து எடுத்த எண் அல்ல இது. நான் மேலே சொன்ன குடுவை முறை நம்பகமாக அளக்கக்கூடிய கீழ் எல்லை அது. ஆயினும் உலர் பழத்தைப் பொறுத்தவரை இதனால் பெரிய சிக்கல் இல்லை. புகை காட்டிய ஆப்ரிகாட்டில் இருப்பது நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ மில்லிகிராம்; 10-க்கும் அதற்கும் இடையே பெரிய இடைவெளி.

லேபிள் சொல்லாமல் விடுவது அளவு. இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஒரு பாக்கெட்டில் 400 இருக்கலாம், அதே பெயரில் அடுத்த மாதம் வரும் பாக்கெட்டில் 1,800 இருக்கலாம். "போன தடவை இதைத்தானே சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

சல்ஃபர் சேர்க்காதது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அச்சிட்டு, பட்டியலில் பழத்தின் பெயர் மட்டும் இருந்தால், அது உங்களுக்கு வேண்டிய பாக்கெட். அமெரிக்க, ஐரோப்பிய ஆர்கானிக் முத்திரை பெற்ற உலர் பழங்களில் சல்ஃபைட் சேர்க்க அனுமதி இல்லை. ஆகவே அந்த முத்திரை நம்பத்தக்க துணை. நிறமும் துணை செய்யும்: ஆப்ரிகாட் பளிச்சென்ற ஆரஞ்சாக இருந்தால், பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு ஐயம் வரும். ஆனால் எதிர்த்திசையில் நிறத்தை நம்பக் கூடாது. புகை காட்டிய பழமும் நாள்பட வைத்தால் பழுப்பேறும். கருமையான திராட்சைக்கும் யாராவது சல்ஃபைட் சேர்த்திருக்கலாம். பளபளப்பு இருந்தால் சல்ஃபைட் என்று சிலர் சொல்வதும் சரியல்ல; ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவினாலும் திராட்சை மினுங்கும்.

மூக்கால் சோதிப்பதும் நம்பத்தக்கதல்ல. புதிய ஆரஞ்சு ஆப்ரிகாட் பாக்கெட்டைத் திறந்த உடனே தீக்குச்சி உரசியது போன்ற நெடி வந்தால், உள்ளே சல்ஃபைட் தாராளமாக இருக்கிறது என்று அறியலாம். நெடி இல்லை என்பதால் சல்ஃபைட் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சர்க்கரையோடு பிணைந்திருப்பது மணக்காது. எப்படியும் இந்த வேலையை நீங்கள் செய்யுங்கள், அம்மாவிடம் முகரக் கொடுக்காதீர்கள்.

பெரிய சிக்கல் கடையில் மூட்டையிலிருந்து அளந்து தரும் உதிரிப் பழம். அங்கே படிக்க எதுவும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் "மருந்து எதுவும் அடிக்கவில்லை" என்று நல்லெண்ணத்தோடே சொல்வார். அவர் மனத்தில் இருப்பது பூச்சிமருந்து. முடிந்தால் மூட்டையின் மேலுள்ள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், மொத்தப் பெட்டியில் சேர்மானம் அச்சிட்டிருக்கும். அதைக் காட்ட முடியாத பழத்தை அம்மாவுக்காக வாங்க வேண்டாம்.

நடந்தது சல்ஃபைட்டால்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். உங்கள் விவரம் வலுவாக அந்தப் பக்கமே சாய்கிறது: ஆஸ்துமா இருக்கிறது, பத்து நிமிடத்தில் வந்தது, இரண்டு தனித்தனிப் பொருளுக்கு ஒரே மாதிரி நடந்தது, புகை காட்டாத பழத்துக்கு நடக்கவில்லை. ஆப்ரிகாட்டின் புரதத்துக்கே ஒவ்வாமை இருந்தாலும் இழுப்பு வரலாம். ஆனால் அது திராட்சைத் தண்ணீரை விளக்காது. பாட்டில் எலுமிச்சை ஸ்குவாஷ் குடித்தபோதோ, கடையில் வாங்கிய இறால் சாப்பிட்டபோதோ இதுபோல் ஆனதுண்டா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்குவாஷில் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டும், இறால் கறுக்காமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டும் சேர்ப்பது வழக்கம். உண்டு என்றால் ஐயம் இன்னும் வலுக்கும்.

உறுதி செய்ய வேண்டியது நுரையீரல் மருத்துவரோ ஒவ்வாமை மருத்துவரோதான். ஊசி குத்திப் பார்க்கும் தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் பெரும்பாலோருக்கு ஒன்றும் காட்டாது, ஏனென்றால் பெரும்பாலோருக்கு இது அந்த வழியில் நடப்பதில்லை. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை வைத்து ஆப்ரிகாட்டை மறுபடி கொடுத்துவிடாதீர்கள். மருத்துவமனையில் மிகச் சிறிய அளவு சல்ஃபைட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளப்பார்கள். ஒரு நொடியில் ஊதும் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சோதனை நேர்மறை. உடனே மருந்து கொடுக்க ஆள் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே செய்யக்கூடியது அது. "ஒன்றே ஒன்று கொடுத்துப் பார்ப்போம்" என்று வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

மறுபடி தெரியாமல் சாப்பிட்டு இழுப்பு வந்தால், உடனே நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த சால்பியூட்டமால் இன்ஹேலரை அவர் சொன்ன முறைப்படி கொடுங்கள். அலர்ஜி மாத்திரை இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்ஹேலருக்குக் குறையவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, உடலில் தடிப்போ தொண்டை வீக்கமோ தெரிகிறது என்றால் 108-ஐ அழைத்துவிடுங்கள். மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி போட நேர்ந்தால், அந்த ஊசி மருந்திலேயே சிறிதளவு சல்ஃபைட் இருக்கலாம் என்று அறிந்து பயப்பட வேண்டாம். உயிர் காக்கும் வேளையில் அதைத் தவிர்க்கக் கூடாது என்பதில் மருத்துவர்களிடையே ஐயமே இல்லை. அம்மாவுக்கு சல்ஃபைட் ஒத்துக்கொள்வதில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக வீட்டுச் சமையல். சர்க்கரைப் பொங்கலுக்கும் கேசரிக்கும் நெய்யில் திராட்சையைப் போட்டால் உப்பிக்கொண்டு வரும். அப்போது கரண்டியின் மேல் முகத்தை வைத்திருப்பவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருப்பார். வீட்டில் மற்றவர்களுக்காக மஞ்சள் திராட்சை இருந்தே ஆக வேண்டும் என்றால், அதைத் தாளிக்கும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சை பொரிந்த நெய்யைப் பானை முழுவதிலும் கொட்டுவதற்கு முன் அம்மாவின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். எளிதான வழி, வீட்டுக்கு ஒரே ஒரு வகைத் திராட்சையை, சேர்மானப் பட்டியலில் திராட்சையைத் தவிர வேறு எதுவும் எழுதாத பாக்கெட்டை மட்டும் வாங்குவது. அதை வேறு டப்பாவில் கொட்டினாலும், லேபிள் உள்ள பகுதியை வெட்டி டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த பாக்கெட் வாங்கும்போது இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம். தயாரிப்பாளர் நடுவில் சேர்மானத்தை மாற்றியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.